ப்ளூ ஸ்கிரீன் வந்தால் ஃபார்மேட் பண்ணாதீங்க, முழுசா போட்டோ எடுங்க

போன வாரம் ராத்திரி பத்தே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. நீலத் திரை, சோக முகம், கீழே இரண்டு வரி, அத்தோடு சரி. மீதியை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார். "அண்ணா, இது என்னங்க ப்ராப்ளம்?" அந்த வாரத்தில் இப்படி வந்த நான்காவது போட்டோ அது. சோக முகம் எல்லா ப்ளூ ஸ்கிரீனிலும் ஒரே முகம்தான். எனக்கு வேண்டிய வரி கீழே, சின்ன எழுத்தில், அவர் வெட்டி எறிந்த பகுதியில் இருந்திருக்க வேண்டும்.

அந்த வரி `Stop code:` என்று தொடங்கும். சில சமயம் அதற்குக் கீழே `What failed:` என்று ஒரு ஃபைல் பெயரும் வரும். இந்த இரண்டும்தான் விஷயம். பக்கத்தில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு "ஒண்ணும் புரியலை" என்பவர்கள் உண்டு. புரியாது. உங்கள் மெஷினுக்கு என்ன ஆனது என்று அது சொல்வதில்லை, பொதுவான உதவிப் பக்கம் ஒன்றுக்குக் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். 2025 நடுவில் வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுப்பாகிவிட்டது, சோக முகமும் கியூஆரும் போய்விட்டன. ஆனால் பார்க்க வேண்டிய வரிகள் அதே வரிகள்தான்.

சரி, என்னை எழுத உட்கார வைத்த விஷயத்துக்கு வருகிறேன். "ப்ளூ ஸ்கிரீன் வந்தா வைரஸ், ஃபார்மேட் பண்ணினா சரியாயிடும்." இதைக் கஸ்டமர் சொன்னால் மன்னிக்கலாம். சர்வீஸ் செய்கிறவர்களே சொல்கிறார்கள். விண்டோஸ் தன் உள்ளே ஏதோ ஒன்று இருக்கக் கூடாத நிலையில் இருப்பதைப் பார்த்து, இதற்கு மேல் ஓடினால் உங்கள் டேட்டா கெடும் என்று தானே நின்றுவிடுவதுதான் ப்ளூ ஸ்கிரீன். அப்படி நிறுத்த வைத்தது டிரைவராக இருக்கலாம், ராமாக இருக்கலாம், எஸ்எஸ்டியாக இருக்கலாம். வைரஸாலும் வரலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வைரஸ் எழுதுகிறவனுக்கு உங்கள் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தால்தான் லாபம். `What failed:` வரியில் `ntoskrnl.exe` என்று பார்த்துவிட்டு "விண்டோஸ் ஃபைலே போயிடுச்சு" என்று முடிவு கட்டுவதும் இதே ரகம்தான். அது விண்டோஸின் கெர்னல், எல்லாவற்றையும் நடத்தும் மையப் பகுதி. தப்பு நடந்ததைக் கண்டுபிடித்து வண்டியை நிறுத்தியதே பெரும்பாலும் அதுதான். கூச்சல் போட்ட வாட்ச்மேனையே திருடன் என்று பிடித்துக் கட்டி வைத்தால் எப்படி? அந்த ஃபைலை ஏதோ ஒரு சைட்டிலிருந்து இறக்கி மாற்றிப் பார்த்து, பூட்டே ஆகாமல் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு கேஸ் சொல்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்கர். அவருடைய டெஸ்க்டாப் என்னிடம் வருவதற்கு முன் வேறோர் இடத்தில் இரண்டு முறை ஃபார்மேட் ஆகியிருந்தது. இரண்டாவது முறை விண்டோஸ் போடும்போதே `0x80070570` என்று வந்து, ஃபைல் கெட்டிருக்கிறது என்று நின்றிருக்கிறது. பென்டிரைவ் சரியில்லை என்று வேறு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நாலே நாளில் மறுபடியும் ப்ளூ ஸ்கிரீன்.

நல்லவேளை, மனிதர் பொறுமைசாலி. ஒவ்வொரு முறையும் முழுத் திரையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார். திங்கட்கிழமை `MEMORY_MANAGEMENT`. புதன்கிழமை `IRQL_NOT_LESS_OR_EQUAL`. வெள்ளிக்கிழமை `PAGE_FAULT_IN_NONPAGED_AREA`, கீழே `What failed: Ntfs.sys`. தனித்தனியாகப் பார்த்தால் மூன்று வியாதி. முதலாவது மெமரி, இரண்டாவது டிரைவர், மூன்றாவது டிஸ்க் என்று கூகுளில் தேடினால் மூன்று விதமான வைத்தியம் கிடைக்கும். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். டிரைவரில் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே கோடு, ஒரே ஃபைல் பெயர் திரும்பத் திரும்ப வரும். ராமில் கோளாறு என்றால் கெட்ட இடத்தில் அன்றைக்கு எவன் உட்கார்ந்தானோ அவன் பெயர் வரும். கோடு நாளுக்கு ஒன்றாக மாறுகிறது என்றால் நான் முதலில் ராமைத்தான் தொடுவேன்.

தொடுவதற்கு முன் ஈவென்ட் லாகைப் பார்த்தேன். ப்ளூ ஸ்கிரீன் போட்டோவில் வராத நான்கு எண்கள் அங்கே இருக்கும். பவர்ஷெல்லில் இந்த வரி:

```
Get-WinEvent -FilterHashtable @{LogName='System'; ProviderName='Microsoft-Windows-WER-SystemErrorReporting'; Id=1001} | Format-List TimeCreated, Message
```

திங்கட்கிழமை கேஸுக்கு அங்கே இருந்தது `0x0000001a`. அது `MEMORY_MANAGEMENT` என்பதன் எண். அடைப்புக்குள் முதல் எண் `0x41792`, மூன்றாவது எண் `0x20000000`. முதல் எண்ணுக்கு அர்த்தம், எந்த மெமரி எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் அட்டவணையில் ஒரு பதிவு கெட்டிருக்கிறது என்பது. மூன்றாவது எண், அந்தப் பதிவில் இருந்த மதிப்பு. பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு 2, மற்றதெல்லாம் பூஜ்யம். அதாவது ஒரே ஒரு பிட் தானாக மாறியிருக்கிறது. டிரைவர் எழுதிக் கெடுத்திருந்தால் பெரும்பாலும் குப்பை மாதிரி ஏகப்பட்ட எண்கள் இருந்திருக்கும். இப்படி சுத்தமாக ஒரே பிட் மட்டும் புரண்டால் ராம் மேல் சந்தேகம் இரட்டிப்பாகிவிடும்.

மெஷினில் இரண்டு எட்டு ஜிபி ராம். ஒன்று பழசு, ஒன்று ஆறு மாதம் முன்பு போட்டது. எல்லாரும் செய்வது போல முதலில் கழற்றி, பென்சில் ரப்பரால் காலைத் தேய்த்து, திரும்பப் போட்டேன். பாதி கேஸ் இதிலேயே சரியாகிவிடும், சிரிக்காதீர்கள். இது ஆகவில்லை. விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது. பலர் இங்கேதான் நிறுத்திக்கொள்கிறார்கள். அது "கெட்டது" என்று சொன்னால் நம்பலாம், "நல்லது" என்று சொன்னால் நம்பக் கூடாது. MemTest86 பென்டிரைவ் போட்டு ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலையில் திரையில் சிவப்பு வரிகள். அப்புறம் ஒவ்வொரு ராமாகத் தனியே போட்டு ஓட்டினேன். பழசு நான்கு சுற்றும் சுத்தம். புதுசு இரண்டாவது சுற்றிலேயே பிழை காட்டியது. ஸ்லாட்டின் தப்போ என்று அதே ஸ்லாட்டில் பழசைப் போட்டும் பார்த்தேன், சுத்தம்தான்.

பில் இருந்ததால் ராம் வாரண்டியில் மாறியது, செலவே இல்லை. ஆனால் முதல் ஃபார்மேட்டில் போன இரண்டு மாத வவுச்சர்கள் திரும்பி வரவில்லை. பேக்கப் இருந்தது. கெட்ட ராமோடு எடுத்த பேக்கப். டிஸ்க்கில் இருந்து படிக்கும் ஒவ்வொரு ஃபைலும் ராம் வழியாகத்தான் போகிறது. வழியில் ஒரு பிட் புரண்டால், காப்பி முடிந்தது என்று மெஷின் சந்தோஷமாகச் சொல்லும், உள்ளே ஃபைல் கெட்டிருக்கும். அந்த பேக்கப் திறக்கவே இல்லை. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: கோடு மாறி மாறி வந்தால் பேக்கப் எடுக்க ஓடாதீர்கள். `chkdsk /f` ஓட்டாதீர்கள், கெட்ட ராமோடு டிஸ்க்கை "சரி" செய்தால் நல்லதையும் சேர்த்துத் திருத்திவிடும். முதலில் ஒரு ராமைக் கழற்றுங்கள், அல்லது டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டிக் காப்பி எடுங்கள்.

இதே `PAGE_FAULT_IN_NONPAGED_AREA` கோடு வந்த இன்னொரு நாள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு அப்டேட், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களைப் படுக்க வைத்தது. நம் ஊர் ஏர்போர்ட்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கணக்கருக்கு வெள்ளிக்கிழமை வந்த அதே கோடு. ஆனால் கீழே `What failed: csagent.sys`. எல்லா மெஷினிலும் அதே பெயர், ரீஸ்டார்ட் ஆனால் மறுபடியும் அதே பெயர். அங்கே ராமைக் கழற்றி என்ன பிரயோஜனம்? சேஃப் மோடில் போய், அந்த அப்டேட் கொண்டுவந்த ஒரு ஃபைலை நீக்கினால் மெஷின் எழுந்துகொண்டது. கோடு மட்டும் படித்து வைத்தியம் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் என்னிடம் இல்லை.

போட்டோ எடுக்கும்போது கோடும் கீழ் வரியும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். சதவீதம் ஓடி முடிவதற்குள் எடுத்துவிடுங்கள், முடிந்ததும் ரீஸ்டார்ட் ஆகிவிடும். அது 0%-இலேயே வெகுநேரம் நின்றால் அதையும் சொல்லுங்கள், நான் டிஸ்க்கைச் சந்தேகப்படுவேன். முந்தைய ப்ளூ ஸ்கிரீன் போட்டோக்கள் இருந்தால் அவையும் வேண்டும், எந்தத் தேதி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதோடு. "கேலரியில டெலீட் பண்ணிட்டேன்" என்றால், மேலே கொடுத்த பவர்ஷெல் வரியை ஓட்டி வருவதை அனுப்புங்கள். அந்த வாரம் புதிதாக என்ன போட்டீர்கள் என்பதை மறைக்க வேண்டாம். ராம், பிரிண்டர், மகன் இறக்கிய கேம், எதுவானாலும் திட்ட மாட்டேன்.

அன்றைக்கு ராத்திரி வந்த போட்டோவை மறுபடியும் முழுசாக அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். கீழே ஸ்டாப் கோடு இல்லை, ஒரு போன் நம்பர் இருந்தது, உடனே கூப்பிடுங்கள் என்று. உண்மையான ப்ளூ ஸ்கிரீனில் எந்தக் காலத்திலும் போன் நம்பர் வராது.

"மௌஸ் அசையுதுங்களா?"

"அசையுதுங்கண்ணா."

"நிஜமான ப்ளூ ஸ்கிரீன்ல மௌஸே இருக்காதுங்க. இது பிரவுசர்ல வந்த பக்கம். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூணையும் சேர்த்து அமுக்கி, டாஸ்க் மேனேஜர்ல பிரவுசரை மூடிடுங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மூடிட்டேனுங்கண்ணா. ஆனா அந்த நம்பருக்கு ஏற்கனவே ஒருக்கா கூப்பிட்டுட்டேனுங்க" என்றார்.