ஐஸ் பெட்டியில் வந்த இரத்த மாதிரி

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற 67 வயது அம்மா ஒருவர். கண் ஒப்பரேஷனுக்கு முன்னால் இரத்தம் பார்த்ததில் வெள்ளை அணுக்கள் 42,000 இருந்தன. சாதாரணமாக 11,000ஐத் தாண்டாது. கூடியிருந்ததெல்லாம் லிம்போசைட் என்ற வகை வெள்ளை அணுக்கள். காய்ச்சலோ மெலிவோ இல்லை. கழுத்தில் மட்டும் இரண்டு சிறு கட்டிகள்.

நுண்காட்டியில் பார்த்தால் நாட்பட்ட லிம்போசைட் லுகேமியா, அதாவது சி.எல்.எல். என்றுதான் தோன்றும். ஆனால் மேன்டில் செல் லிம்போமா என்ற இன்னொரு புற்றுநோய் இரத்தத்தில் இறங்கினாலும் சில சமயம் இதே முகம்தான். முதலாவதைப் பலருக்கு வருடக்கணக்கில் மருந்தில்லாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் சிகிச்சை வேண்டும். இரண்டையும் பிரிக்கத்தான், அணுக்களின் மேலுள்ள அடையாளங்களைப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனையைக் கேட்டிருந்தார்கள்.

வியாழன் எடுத்த இரத்தம், வெள்ளி போயா விடுமுறை என்பதால் திங்கள்தான் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தது. அதுவும் ஐஸ் பெட்டிக்குள்! அனுப்பியவர்கள் நல்லது என்று நினைத்துத்தான் செய்திருப்பார்கள். இறந்த அணுக்களுக்கு மட்டும் உள்ளே புகும் சாயத்தைப் போட்டுப் பார்த்தோம். பாதிக்கு மேல் செத்திருந்தன. செத்த அணுவில் எந்த ஆன்டிபாடியும் ஒட்டிக்கொள்ளும். அதை நம்பி ரிப்போர்ட் எழுதினால் இல்லாத அடையாளமெல்லாம் இருப்பதாகிவிடும். மகனை அழைத்து, அம்மாவை நேரே கூட்டிவரச் சொன்னேன்.

புது இரத்தம், ஊதா மூடிக் குழாயில், அறை வெப்பத்தில். முதலில் அணுக்களை நன்றாகக் கழுவினோம். பி அணு எனும் லிம்போசைட்டின் மேலுள்ள ஆன்டிபாடி கப்பா, லாம்டா என்று இரு வகை; பிளாஸ்மாவில் மிதக்கும் ஆன்டிபாடிகள் மிஞ்சினால் அந்தக் கணக்குக் குழம்பிவிடும். அப்புறம் வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் ஆன்டிபாடிகளைச் சேர்த்து, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டோம். எந்த அணு எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்பதை இயந்திரம் குறித்துக்கொள்ளும்.

ஆரோக்கியமான பி அணுக்களில் கப்பா உள்ளவையும் லாம்டா உள்ளவையும் கலந்தே இருக்கும், கப்பா சுமார் இரண்டு மடங்கு. இவருக்கு ஏறத்தாழ எல்லாமே கப்பா, அதுவும் மங்கலாக. ஒரே அணுவிலிருந்து பெருகிய கூட்டம் என்று அர்த்தம். பி அணுவின் அடையாளமான சிடி19 உடன், வழக்கமாக டி அணுவில் இருக்கும் சிடி5உம் சேர்ந்து ஒளிர்ந்தது. இது இரண்டு நோயிலும் வரும். பிரித்துக் காட்டியது அடுத்தவைதான்: சிடி23, சிடி200 இரண்டும் இருந்தன, சிடி20 மங்கல். மேன்டில் என்றால் பெரும்பாலும் முதலிரண்டும் இருக்காது, சிடி20 பளிச்சென்றிருக்கும். ஆக, இது சி.எல்.எல்.தான். படம் இவ்வளவு தெளிவாக இல்லாவிட்டால், மேன்டிலில் மிகும் சைக்ளின் டி1 புரதத்தைப் பார்க்காமல் விட்டிருக்க மாட்டேன்.

"அப்ப ஊசி, மருந்து ஒண்ணும் இல்லையா டொக்டர்?" மகனுக்கு நம்பிக்கையில்லை. இப்போதைக்கு இல்லை என்று கிளினிக்கில் சொன்னார்கள். அடுத்த மாதம் கண் ஒப்பரேஷன் நடந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்த எண்ணிக்கை 44,000.