அனுமானம் வேறு, கட்டுப்பாடு வேறு, சார்பு வேறு

"நெட்வொர்க் குழு திறந்துவிடும் புதிய இணைப்பு வழியாக ஞாயிறு காலைக்குள் மொத்த டேட்டாவும் புது சர்வருக்குப் போய்விடும், திங்கள் அதிகாலை சிஸ்டம் வழக்கம்போல ஓடத் தொடங்கும்." புராஜெக்ட் பிளானில் இப்படி ஒரு வரி இருந்தால் பெரும்பாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தேதி இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது, முடிவு இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த ஒரு வரிக்குள் மூன்று வேறுவேறு சங்கதிகள் ஒட்டிக்கிடக்கின்றன. டேட்டா ஞாயிறு காலைக்குள் போய்விடும் என்பது அனுமானம், அதாவது இன்னும் யாரும் நிரூபிக்காத ஒன்றை உண்மை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறோம். திங்கள் அதிகாலை சிஸ்டம் ஓடியாக வேண்டும் என்பது கட்டுப்பாடு, அது ஏற்கெனவே உண்மை, நாம் அதற்குள் அடங்கித்தான் ஆக வேண்டும். நெட்வொர்க் குழு இணைப்பைத் திறப்பது சார்பு, நம் கையில் இல்லாத ஒரு வேலை முடிந்தால்தான் நம் வேலை நகரும். அசம்ப்ஷன், கன்ஸ்ட்ரெயின்ட், டிபென்டென்சி என்று ஆபீஸில் சொல்வது இவற்றைத்தான். இவற்றைத் தனித்தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம், ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு: அனுமானத்தைச் சோதிக்க வேண்டும், கட்டுப்பாட்டை விதித்தவரிடம் பேச வேண்டும், சார்பைத் தர வேண்டியவரைப் பின்தொடர வேண்டும். மூன்றையும் ஒரே வரியில் கலந்துவிட்டால் மூன்றில் எதையும் யாரும் செய்வதில்லை.

இதே உதாரணத்தை எண்களோடு பார்க்கலாம். மாற்ற வேண்டிய டேட்டா 1.8 டெராபைட். சனி இரவு 10 மணிக்கு பழைய சிஸ்டத்தை நிறுத்தலாம், திங்கள் அதிகாலை 4 மணிக்கு ஏதோ ஒரு சிஸ்டம் ஓடியாக வேண்டும், ஆக கையில் இருப்பது 30 மணி நேரம். போய்ச் சேர்ந்த டேட்டா சரியாக இருக்கிறதா என்று பார்க்க 8 மணி நேரம் வேண்டும். எல்லாம் சொதப்பினால் பழைய சிஸ்டத்துக்கே திரும்பிப் போக இன்னும் 6 மணி நேரத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். மீதி 16 மணி நேரம்தான் காப்பி செய்ய.

பிளான் எழுதியவர் விநாடிக்கு 50 மெகாபைட் வேகம் என்று வைத்திருக்கிறார். அந்தக் கணக்கில் 10 மணி நேரத்தில் காப்பி முடிந்துவிடும், ஞாயிறு காலை 8 மணிக்கு நிம்மதியாக மூச்சு விடலாம். சரி, அந்த 50 எங்கிருந்து வந்தது? அனேகமாக யாரோ ஒரு வார நாள் மதியம் ஒரே ஒரு பெரிய ஃபைலை அனுப்பிப் பார்த்திருப்பார்கள். சனி இரவில் அதே லைனில் வாராந்திர பேக்கப் ஓடும் என்பதோ, டேட்டாபேஸுக்குள் எழுதும்போது இண்டெக்ஸும் சேர்ந்து உருவாவதால் லைன் வேகமாக இருந்தாலும் அந்தப் பக்கம் எழுதுவது மந்தமாகும் என்பதோ அந்தச் சோதனையில் தெரிந்திருக்காது. உண்மையான வேகம் 15 மெகாபைட்டாக இருந்துவிட்டால் காப்பிக்கு மட்டுமே 33 மணி நேரம் ஆகும், மொத்தமாகக் கிடைத்த நேரமே 30தான்.

அதனால் அனுமானப் பட்டியலில் "டேட்டா நேரத்துக்குப் போய்விடும்" என்று எழுதினால் போதாது. எந்த இடத்தில் அது உடையும் என்று எழுத வேண்டும். 16 மணி நேரத்தில் 1.8 டெராபைட் போக வேண்டுமானால் விநாடிக்கு ஏறக்குறைய 31 மெகாபைட் வேண்டும், அதற்குக் கீழே போனால் திட்டம் உடைந்துவிடும். இந்த எண் கிடைத்துவிட்டால் சோதனையும் தானாக வந்துவிடுகிறது: அதே சனி இரவு நேரத்தில், பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது, 100 கிகாபைட்டை உண்மையான டேட்டாபேஸிலேயே ஏற்றிப் பார்க்க வேண்டும். மொத்த டேட்டாவில் அது 18-ல் ஒரு பங்கு, எனவே 53 நிமிடத்துக்குள் முடிந்தால் பிழைத்தோம், அதைத் தாண்டினால் பிளானை மாற்ற வேண்டும்.

எப்போது சோதிப்பது என்பதும் இதே மாதிரி கணக்கிலிருந்துதான் வர வேண்டும். வேகம் போதவில்லை என்றால் மாற்று வழி, இனி மாறவே மாறாத பழைய பதிவுகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, கடைசி சனி இரவில் புதிதாக மாறியதை மட்டும் அனுப்புவது. அதற்கான ஸ்கிரிப்ட் எழுதிச் சரிபார்க்க இரண்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், சோதனை மூன்று வாரம் முன்பே நடந்திருக்க வேண்டும். முந்தைய நாள் சோதித்து "அனுமானம் தவறு" என்று கண்டுபிடிப்பதால் எந்தப் பயனும் இல்லை, அந்த நேரத்தில் அதை வைத்துச் செய்ய ஒன்றுமே இருக்காது. பல பிளான்களில் "சரிபார்க்கும் தேதி" என்ற கட்டத்தில் ஏதோ ஒரு மாதக் கடைசியைப் போட்டுவிடுகிறார்கள். மாற்று வழிக்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்று பின்னோக்கி எண்ணிப் போட்டால்தான் அந்தத் தேதிக்கு அர்த்தம்.

கட்டுப்பாட்டுக்கு இந்தச் சோதனையெல்லாம் தேவையில்லை. திங்கள் 4 மணி என்பதைச் சோதித்துப் பார்க்க என்ன இருக்கிறது? அதற்கு வேண்டியது இரண்டு தகவல்: யார் விதித்தது, யாரால் தளர்த்த முடியும். 4 மணிக்கு ஒரு தானியங்கி வேலை தொடங்குவதால் அந்த நேரம் என்றால், அந்த வேலையின் பொறுப்பாளர் பெயர் பிளானில் இருக்க வேண்டும், ஏனென்றால் நெருக்கடி வந்தால் இரண்டு மணி நேரம் கேட்டுப் போய் நிற்கப்போவது அவரிடம்தான்.

"யார் சொன்னது?" என்ற கேள்விக்கு இன்னொரு பயனும் உண்டு. இதே பிளானில் "எல்லாவற்றையும் ஒரே வாரயிறுதியில் முடிக்க வேண்டும்" என்று ஒரு கட்டுப்பாடு எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விசாரித்தால் யாருமே அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள், மேலிடம் இரண்டு வாரயிறுதிக்கு ஒத்துக்கொள்ளாது என்று குழுவே நினைத்துக்கொண்டிருக்கும். அப்படியென்றால் அது கட்டுப்பாடே இல்லை, கட்டுப்பாட்டு வேஷத்தில் இருக்கும் அனுமானம். பட்டியல் மாறி வந்துவிட்டால் அதைப் போய்க் கேட்டுப் பார்க்கலாம், சரி என்று பதில் வந்தால் பாதி நெருக்கடி காணாமல் போய்விடும். எனக்குத் தெரிந்து மூன்று பட்டியலையும் பிரிப்பதில் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இதுதான், கல்லில் பொறித்ததாக நினைத்திருந்த எத்தனையோ விஷயங்கள் இப்படித்தான் அசைந்து கொடுக்கின்றன.

சார்புக்கு வருவோம். இதில் குறிக்க வேண்டியது என்ன வேண்டும், யார் தருவார், நமக்கு எப்போது வேண்டும், அவர் எப்போது தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்பவை. கடைசி இரண்டும் இரண்டு தனித் தேதிகள், நிறைய பிளான்களில் ஒரே தேதியாகக் கலந்துபோகிறது. பழைய சர்வருக்கும் புது சர்வருக்கும் இடையே பயர்வாலைத் திறக்க வேண்டியது நெட்வொர்க் குழு. மேலே பார்த்த கலவை வாக்கியத்தை நம்பினால், டேட்டா மாற்றும் சனிக்கிழமைக்கு முன்னால் திறந்தால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள், அவர்களும் வெள்ளிக்கிழமை திறந்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். ஆனால் வேகத்தைச் சோதிக்க மூன்று வாரம் முன்பே அந்த வழி திறந்திருக்க வேண்டுமே! அனுமானத்தைத் தனியாக எழுதி அதற்குச் சோதனைத் தேதி போட்ட பிறகுதான் சார்பின் உண்மையான தேதியே வெளியே தெரிகிறது. பிரித்து எழுதினால் தொடர்பு அறுந்துவிடும் என்று சிலர் பயப்படுவதுண்டு, நடப்பது அதற்கு நேர்மாறு.

அப்புறம், ஒரு சார்பு உண்மையிலேயே சார்புதானா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தர வேண்டிய குழுவின் சொந்தப் பிளானில் அந்த வேலை அதே தேதியோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், அல்லது கேள்வியேபடவில்லை. அதுவரை அது வெறும் அனுமானம்தான், அந்தப் பட்டியலிலேயே கிடக்கட்டும்.

ஒரே விஷயம் மூன்று பட்டியலிலும் மூன்று முகத்தோடு வரலாம் என்பதற்கு நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் நல்ல சாட்சி. 1998 டிசம்பரில் ஏவப்பட்டு 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோன விண்கலம் அது. அதன் சிறு உந்துகலன்கள் ஒவ்வொரு முறை எரியும்போதும் எவ்வளவு உந்தம் கொடுத்தன என்ற தகவலை ஒப்பந்த நிறுவனத்தின் தரைத்தள மென்பொருள் ஒரு ஃபைலில் தர, அதை வைத்துப் பாதையைக் கணித்தது வழிநடத்தும் குழு. எண்கள் நியூட்டன்-விநாடியில் இருக்க வேண்டும் என்று விவரக்குறிப்பு தெளிவாகவே சொன்னது, அது கட்டுப்பாடு. ஃபைல் வேறிடத்திலிருந்து வர வேண்டும், அது சார்பு. வரும் ஃபைல் அந்தக் குறிப்பின்படிதான் இருக்கும் என்பது அனுமானம், அங்கேதான் கோட்டைவிட்டார்கள். எண்கள் பவுண்டு-விநாடியில் வந்தன, ஒவ்வொரு உந்தமும் உண்மையைவிட ஏறக்குறைய 4.45 மடங்கு குறைவாகக் கணக்கில் ஏறியது. 226 கிலோமீட்டர் உயரத்தில் கடக்க வேண்டிய கலம் ஏறத்தாழ 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டது. விதி எழுதப்பட்டிருந்தது, ஃபைலும் வந்துகொண்டிருந்தது, விதிப்படிதான் வருகிறதா என்ற சோதனைதான் போதவில்லை.

இதற்காக எல்லா அனுமானத்தையும் எழுதிக்கொண்டே போனாலும் வேலைக்கு ஆகாது. "மின்சாரம் இருக்கும்", "குழுவினர் வேலைக்கு வருவார்கள்" என்று ஐம்பது வரி இருக்கும் பட்டியலை முதல் வாரத்துக்குப் பிறகு யாரும் திறப்பதில்லை. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ராணுவத் திட்டமிடலுக்காக உருவான ஒரு முறை இரண்டு கேள்வியால் வடிகட்டச் சொல்கிறது: இது பொய்த்தால் திட்டம் மாற வேண்டியிருக்குமா, திட்ட காலத்துக்குள் இது பொய்க்க நியாயமான வாய்ப்பு உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் கண்காணித்தால் போதும். நம் உதாரணத்தில் காப்பி வேகம் தேறும், மின்சாரம் தேறாது.

பட்டியல் உயிரோடு இருக்கிறதா என்பதை அதன் நகர்வை வைத்தே சொல்லிவிடலாம். சோதனை முடிந்து 40 மெகாபைட் வேகம் கிடைத்தால் அந்த அனுமானம் முடிந்தது, அளந்த எண் அந்த இடத்துக்கு வரும். 25 கிடைத்தால் அது இனி அனுமானம் இல்லை, இன்றே தீர்க்க வேண்டிய பிரச்சினை, பழைய பதிவுகளை முன்கூட்டி அனுப்பும் வேலை அன்றைக்கே பிளானுக்குள் வர வேண்டும். பயர்வால் திறந்தாயிற்று என்றால் அந்தச் சார்பை மூடிவிடலாம். திட்டம் பாதி தூரம் வந்தும் எதுவுமே மூடப்படாமல், எதுவுமே ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல், முதல் நாள் எழுதியபடியே இருந்தால் அதை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம், அந்த 50 மெகாபைட்டும் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும்.