தாய்க் கம்பனி ஷெயாரும் பிள்ளைக் கம்பனி ஷெயாரும் ஏன் ஒரே விலையில்ல, ஆர் எதை வச்சிருக்கினம்?

வெள்ளவத்தையில இருக்கிற எங்கட மாமா 2025-ல கொம்பனித்தெருவில சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் ஹோட்டல் திறந்த நேரம் "ஹோட்டல் ஷெயார் ஏறப்போகுது" எண்டு சொல்லி KHL.N0000 வாங்கிப் போட்டார். பேர் ஜோன் கீல்ஸ் ஹோட்டல்ஸ், கட்டினதும் ஜோன் கீல்ஸ், அப்ப சரிதானே எண்டு நினைச்சிருக்கிறார். ஆனா அந்தக் கட்டடம் KHL-க்குள்ள இல்ல. அது வோட்டர்ஃப்ரன்ட் ப்ரொப்பர்டீஸ் எண்ட, சந்தையில இல்லாத ஒரு தனியார் கம்பனிக்குள்ள இருக்கு, அதை வச்சிருக்கிறது தாய்க் கம்பனி ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ், JKH.N0000. KHL-க்குள்ள இருக்கிறது பெந்தோட்டை, யால, ஹபரணை, மாலைதீவுப் பக்கத்து ரிசோர்ட்டுகள். காலி வீதியில இருக்கிற சினமன் கிராண்ட் ஹோட்டல் KHL-லயும் இல்ல, வோட்டர்ஃப்ரன்ட்லயும் இல்ல, அது ஏசியன் ஹோட்டல்ஸ் அண்ட் ப்ரொப்பர்டீஸ் எண்டு வேற ஒரு லிஸ்டட் கம்பனி, அதிலயும் பெரும்பங்கு JKH-க்குத்தான்.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாச் சொல்லுறன் எண்டா, ஒரே குடும்பப் பேர் இருந்தா ஒரே சொத்து எண்டு கனபேர் நினைக்கினம். KHL-ல 80 வீதத்துக்குக் கொஞ்சம் மேல JKH கையில, மிச்சம்தான் வெளி ஆக்களிட்ட. நீங்க JKH வாங்கினா KHL-இன்ர ஷெயார்ஹோல்டர் ஆகமாட்டியள், அந்த 80 வீதத்துக்கு வோட் போடுறது JKH-இன்ர பணிப்பாளர் சபை, நீங்க இல்ல. KHL ரைட்ஸ் இஷ்யூ போட்டாலும், அதாவது இருக்கிற பங்காளருக்குப் புது ஷெயார் வாங்க உரிமை குடுத்தாலும், அந்த உரிமை KHL வச்சிருக்கிறவருக்குத்தான் வரும். அதே மாதிரி KHL வாங்கின மாமாவுக்கு JKH-இன்ர சுப்பர்மார்க்கெட்லயோ துறைமுகத்திலயோ ஒரு சதம் பங்கும் இல்ல. உரிமை மேல இருந்து கீழதான் போகும், கீழ இருந்து மேல போகாது.

இப்ப விலை. ஒரு ஷெயார் 20 ரூபா, மற்றது 50 ரூபா எண்டு பார்த்து எது மலிவு எண்டு சொல்லவே ஏலாது, ஏனெண்டா எத்தனை ஷெயாரா வெட்டியிருக்கினம் எண்டது கம்பனியின்ர விருப்பம். JKH 2024-ல ஒரு ஷெயாரைப் பத்தாப் பிரிச்சது, பிரிச்சதால கம்பனிக்குள்ள இருந்த சொத்து ஒரு ரூபா கூடவும் இல்ல குறையவும் இல்ல, விலை மட்டும் பத்தில ஒண்டுக்குக் கிட்ட வந்தது.

கணக்கு இப்பிடித்தான் போடோணும், இலக்கம் நான் சும்மா எடுத்தது. பிள்ளைக் கம்பனியில 100 மில்லியன் ஷெயார், ஒண்டு 50 ரூபா, மொத்தப் பெறுமதி 5 பில்லியன். தாயிட்ட 80 வீதம் இருக்கு, அது 4 பில்லியன். தாயிட்ட 500 மில்லியன் ஷெயார் எண்டா, தாயின்ர ஒவ்வொரு ஷெயாருக்குள்ளயும் 8 ரூபாவுக்குப் பிள்ளை இருக்கு. தாய் 20 ரூபாவுக்கு விக்குதெண்டா மிச்ச 12 ரூபா மற்ற வியாபாரங்களுக்கு, கடனைக் கழிச்சுப் போட்டு. பிள்ளை 10 வீதம் ஏறி 55 ஆனா தாய்க்கு 80 சதம்தான் சேரும், அதாவது 4 வீதம். ரெண்டும் ஒண்டா ஓடாததுக்கு முதல் காரணம் இதுதான்.

சிலநேரம் அந்த மிச்சம் நம்பேலாத அளவுக்குச் சின்னனா வரும், மைனஸிலயும் போகும். உடன "தாய் ஓசியில கிடைக்குது" எண்டு பாயக்கூடாது. பிள்ளையின்ர காசு தாயிட்ட வர அங்க டிவிடெண்ட் அறிவிக்கோணும், பிறகு உங்களிட்ட வர தாயும் அறிவிக்கோணும், நடுவில ஹெட் ஒஃபிஸ் செலவும் கடன் வட்டியும் நிக்குது. இதுக்காகத்தான் சந்தை ஹோல்டிங் கம்பனியைக் குறைச்சு மதிக்குது. இன்னொண்டு, அந்த 50 ரூபா விலையை வச்சது வெளியில ஓடுற 20 வீதம், அதிலயும் கனக்க ஆக்கள் விக்காம வச்சிருப்பினம், ஒரு நாளில சில ஆயிரம் ஷெயார் மட்டும் கைமாறின விலையால மிச்ச 80 வீதத்தைப் பெருக்கிறது கடதாசிக் கணக்குத்தான்.

லாபத்திலயும் ஒரு பொறி இருக்கு. தாயின்ர குழும அறிக்கையில பிள்ளையின்ர வருமானம் 100 வீதமும் சேர்ந்துதான் வரும். வெளி ஆக்களின்ர 20 வீதத்தை "நொன் கொன்ட்ரோலிங் இன்ரறஸ்ட்ஸ்" எண்ட வரியில கடைசியாத்தான் கழிப்பினம். ஆகவே மேல இருக்கிற பெரிய லாபத்தைப் பார்க்காம, தாய்க் கம்பனிப் பங்காளருக்குரிய லாபம் எண்ட வரியைப் பாருங்கோ.

ஆர் வச்சிருக்கினம் எண்டு பார்க்க கொழும்புப் பங்குச் சந்தையின்ர cse.lk-ல கம்பனிக் குறியீட்டை அடிச்சு, காலாண்டு அறிக்கையைத் திறந்து கடைசிப் பக்கங்களுக்குப் போங்கோ. முதல் 20 பங்காளர் பட்டியல் இருக்கும், கீழ பப்ளிக் ஹோல்டிங் வீதமும் எத்தனை பேர் எண்டதும் இருக்கும். சந்தையின்ர பிரதான பட்டியல்ல இருக்கிற கம்பனிக்குக் குறைஞ்சது 500 பொது பங்காளர் வேணும், வெளியில ஓடுற பங்கின்ர பெறுமதி 2.5 பில்லியன் ரூபாவுக்குக் கீழ எண்டா 20 வீதம் பொதுமக்களிட்ட இருக்கோணும், பெறுமதி கூடக்கூட அந்த வீதம் குறையும். மாமா இப்ப அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்து, எந்த ஹோட்டல் எந்தக் கம்பனிக்குள்ள எண்டு பேனையால எழுதி வச்சிருக்கிறார்.