தாய்லாந்து வாய் திறக்காததால் இழந்த கோயில்

கம்போடியாவுக்கும் தாய்லாந்துக்கும் நடுவே நீளும் டாங்ரெக் மலைத்தொடரில், செங்குத்தான பாறை விளிம்பில் நிற்கிறது பிரியா விகார் என்ற பழைய சிவன் கோயில். 1962-இல் சர்வதேச நீதிமன்றம் அது கம்போடியாவுடையது என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததைவிட, தாய்லாந்து சொல்லாமல் விட்டதுதான் அந்த வழக்கில் கனமாக நின்றது.

அப்போது சயாம் என்று பெயர் கொண்டிருந்த தாய்லாந்தும், கம்போடியாவை ஆண்ட பிரான்சும் 1904-இல் ஓர் ஒப்பந்தம் செய்தன. அந்தப் பகுதியில், மழைநீர் இரு பக்கமாகப் பிரிந்து ஓடும் மலையின் நீர்பிரி கோடே எல்லை என்பது பேச்சு. வரைபடம் போடும் வேலையை சயாம் பிரெஞ்சு அதிகாரிகளிடமே விட்டது. 1908-இல் வந்த வரைபடத்தில் கோயில் கம்போடியப் பக்கம் விழுந்திருந்தது. சயாம் என்ன செய்தது தெரியுமா? உள்துறை அமைச்சர் இளவரசர் டம்ரோங் நன்றி சொல்லி, மாகாண ஆளுநர்களுக்குக் கொடுக்க இன்னும் 15 பிரதிகள் கேட்டார்!

1930-இல் அவரே கோயிலைப் பார்க்கப் போனார். பக்கத்து மாகாணத்தின் பிரெஞ்சு அதிகாரி அங்கே பிரெஞ்சுக் கொடி பறக்க அவரை வரவேற்றார். விருந்தாளியைப் போல நடந்துகொண்டு, ஊர் திரும்பியதும் எடுத்த படங்களையும் அனுப்பிவைத்தார் இளவரசர். 1934-35-இல் தாய்லாந்தே அளந்து பார்த்தபோது வரைபடக் கோடும் நீர்பிரி கோடும் ஒத்துப்போகவில்லை. அப்போதும் பிரான்சிடம் ஆட்சேபம் எழுப்பவில்லை.

'வரைபடமே தப்பு' என்று பிறகு வாதிட்டுப் பயனில்லை. நியாயமாக மறுத்திருக்க வேண்டிய இடத்தில் மறுக்காத மௌனம் ஒப்புதலாகிவிட்டது. அதோடு, இத்தனை ஆண்டுகள் நிலையான எல்லையின் பலனைத் தாய்லாந்து அனுபவித்திருக்கிறது. அதன் சம்மதத்தை நம்பி பிரான்சும் கம்போடியாவும் நடந்திருக்கின்றன. பிறரை நம்பவைத்த நாடு பின்னால் நேர்மாறாகப் பேச முடியாது என்பதே முரண்தடை. வெறும் ஒப்புதலைவிட ஒரு படி கூடுதலாக, எதிராளி அதை நம்பி நடந்திருக்க வேண்டும். இந்தத் தீர்ப்பு இரண்டையும் கலந்தே பேசுகிறது என்பது என் கருத்து. நீர்பிரி கோடு உண்மையில் எங்கே ஓடுகிறது என்ற கேள்விக்குள் நீதிபதிகள் போகவே இல்லை. 9 பேர் கம்போடியா பக்கம், 3 பேர் எதிராக.

சரி, பேசினால் மட்டும் தப்பிக்கலாமா? பசிபிக்கில் பிரான்ஸ் வளிமண்டலத்தில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்து ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வழக்குப் போட்டன. 1974-இல் பிரெஞ்சு அதிபரும் அமைச்சர்களும் இனி அப்படிச் சோதிக்கமாட்டோம் என்று பொதுவெளியில் சொன்னார்கள். யாரும் அதை ஏற்றுக்கொண்டு கையெழுத்திடவில்லை. ஆனாலும், கட்டுப்படும் எண்ணத்தோடு வெளிப்படையாகச் சொன்ன சொல் பிரான்சைக் கட்டுப்படுத்தும் என்று கூறி நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது.

எல்லா அறிவிப்பும் அப்படி ஆகிவிடாது. புர்கினா பாசோவுடனான எல்லைத் தகராறில் மாலி அதிபர் ஒரு பேட்டியில் சொன்னதை 1986-இல் அதே நீதிமன்றம் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டுப்பட நினைத்தால் எதிர்த்தரப்போடு வழக்கம்போல ஒப்பந்தமே போட்டிருக்கலாமே என்பது அதன் காரணம்.