மாறற்றிறன் முடிவுள்ளது, ஆனால் நிறுவல் இன்னும் முடியவில்லை

வந்தாறுமூலையில் இறுதியாண்டு மாணவர்களுக்கு நிகழ்தகவு படிப்பிக்கிறேன். எழுமாற்று இசைத்தொடர் பற்றிய வினாவுக்கு வரும் விடைகளில் ஒரே இடைவெளியைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். தொடர் இதுதான்:

Sₙ = ε₁ + ε₂/2 + ε₃/3 + … + εₙ/n

ஒவ்வொரு εₖ உம் சம வாய்ப்புடன் +1 அல்லது −1. எல்லாம் ஒன்றையொன்று சாராதவை. εₖ/k இன் மாறற்றிறன் 1/k². அவற்றின் கூட்டுத்தொகை π²/6, ஏறத்தாழ 1.645. இதுவரை எல்லாரும் சரியாக எழுதுகிறார்கள். அடுத்த வரி: "ஆகவே தொடர் நிகழ்தகவு 1 உடன் ஒருங்கும்." அந்த "ஆகவே"யின் கீழ்தான் நான் கோடு போடுகிறேன்.

"சேர், மாறற்றிறன் முடிவுள்ளதுதானே, பிறகென்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முடிவுள்ள மாறற்றிறன் தருவது வர்க்க இடை ஒருங்கலை மட்டுமே. அது நிகழ்தகவு 1 உடனான ஒருங்கல் அல்ல. 1/n நிகழ்தகவுடன் 1 ஆகவும், மற்றப்படி 0 ஆகவும் இருக்கும் சாரா மாறிகள் Yₙ ஐ எடுங்கள். Yₙ² இன் எதிர்பார்ப்பு 1/n. அது 0 ஐ நாடுகிறது. ஆனால் 1/n களின் கூட்டுத்தொகை விரிவதால், போரல்–கன்டெல்லி இரண்டாம் துணைத்தேற்றத்தின்படி Yₙ முடிவிலித் தடவைகள் 1 ஆகிறது. ஒவ்வொரு n ஐயும் தனித்தனியே பார்த்தால் அமைதி. முழுப் பாதையையும் பார்த்தால் குலுக்கம் ஓயவே இல்லை.

நமக்கும் அதே சிக்கல்தான். m ஆவது உறுப்புக்குப் பிறகு எஞ்சும் மாறற்றிறன் 1/m ஐ விடக் குறைவு. செபிஷேவ் சமனிலி, ஒரு குறித்த n க்கு |Sₙ − Sₘ| ≥ δ ஆகும் நிகழ்தகவு 1/(mδ²) ஐத் தாண்டாது என்கிறது. நமக்குத் தேவையானதோ, m க்குப் பிறகு எந்த n இலாவது அப்படி நடக்கும் நிகழ்தகவு. எல்லா n க்கும் இந்த வரம்பைக் கூட்டப் போனால் முடிவிலி வந்து நிற்கும்.

கொல்மொகோரோவின் சமனிலி இங்கேதான் கைகொடுக்கிறது: கூட்டாமலேயே, எல்லா n க்கும் சேர்த்து அதே 1/(mδ²) போதும் என்கிறது. காரணம் அழகானது. Dₙ = Sₙ − Sₘ என்க. |Dₖ| ≥ δ என்பது முதன்முதலாக k இல் நடக்கும் நிகழ்ச்சியை Aₖ என்போம். ஒரு பெரிய N ஐ எடுத்து, Dₙ இன் N ஆவது பெறுமானத்தை D_N = Dₖ + (D_N − Dₖ) எனப் பிரித்து வர்க்கியுங்கள். Aₖ உம் Dₖ உம் k வரையான குறிகளை மட்டுமே சார்ந்தவை. D_N − Dₖ அதற்குப் பிந்திய குறிகளை மட்டுமே சார்ந்தது, அதன் எதிர்பார்ப்பு 0. ஆகவே குறுக்கு உறுப்பு மறைகிறது. Aₖ மீது D_N² இன் எதிர்பார்ப்பு, Dₖ² இனதை விடக் குறையாது. அதாவது δ²P(Aₖ) ஐ விடக் குறையாது. Aₖ கள் ஒன்றையொன்று விலக்குவதால், அவற்றைக் கூட்டினால்

δ² P(ஏதோ ஒரு k ≤ N இல் |Dₖ| ≥ δ) ≤ E(D_N²) < 1/m

சோடி சோடியாகச் சாராமை இந்தப் படிக்குப் போதாது. k வரையான குறிகள் ஒரு தொகுதியாகவே பிந்தியவற்றைச் சாராதிருக்க வேண்டும்.

எண்ணில் பார்ப்போம். m = 10,000, δ = 0.1 என்றால் 1/(mδ²) = 0.01. பத்தாயிரம் உறுப்புகளுக்குப் பிறகு, கூட்டுத்தொகை என்றைக்காவது 0.1 தூரம் விலகும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இல்லை.

மிச்சம் விரைவில் முடியும். N ஐ முடிவிலிக்கு விடுங்கள். பிறகு m ஐயும் முடிவிலிக்கு விடுங்கள். ஒவ்வொரு m க்குப் பின்னும் ஓயாமல் δ அளவு விலகுகிற பாதைகளின் நிகழ்தகவு 0. δ = 1, 1/2, 1/3, … என எடுத்தால், எண்ணத்தக்க பூச்சியங்களின் சேர்ப்பும் பூச்சியம். ஆகவே நிகழ்தகவு 1 உடன் Sₙ ஒரு கோசித் தொடரி, அது ஒருங்குகிறது. எல்லாம் + ஆன பாதை விரியத்தான் செய்யும். ++− என்று மீளும் பாதையும் விரியும். அத்தகைய பாதைகள் எத்தனை இருந்தாலும், எல்லாம் சேர்ந்த நிகழ்தகவு 0.

கணினியில் பாவனை செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். + வரும் வாய்ப்பை 0.51 ஆக்குங்கள். இப்போது எதிர்பார்ப்பு 0.02(1 + 1/2 + … + 1/n). Sₙ நிகழ்தகவு 1 உடன் முடிவிலிக்குப் போகிறது. ஆனால் பத்து இலட்சம் உறுப்புகளில் அந்த நகர்வு வெறும் 0.29 தான். கூட்டுத்தொகையின் நியம விலகல் 1.28 என்பதால், வரைபைப் பார்த்து யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். Sₙ ஐப் பார்க்காமல், பத்தாயிரத்துக்கும் பத்து இலட்சத்துக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள். நேர்மையான நாணயத்தில் அதன் நியம விலகல் 0.01 அளவே, சரிந்த நாணயத்திலோ நகர்வு 0.09 ஐ ஒட்டி வரும்.