பகல் பன்னிரண்டுக்கு எழுகிறவர் விடியற்காலை நடைக்குப் போகலாமா?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காலத்தில் காலைப் பெரட்டுதான் கடிகாரம். பேர் கூப்பிடும் நேரத்துக்கு ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்று தாமானில் அறைக்குள் உட்கார்ந்து லண்டன்காரனுக்கு வீடியோ வெட்டிக் கொடுக்கிறார்கள், டிசைன் செய்து கொடுக்கிறார்கள். எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேட்க ஆளில்லை. அப்படித் தூக்கம் நழுவிப்போய் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலர் ஒரே ஒரு விஷயத்தைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வீடியோ எடிட்டிங் செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). காலை நான்குக்குப் படுப்பார், பகல் பன்னிரண்டுக்கு எழுவார். அதைச் சரிசெய்ய இரவு பத்துக்கே விளக்கை அணைத்துப் படுத்தால், மணிக்கணக்காகக் கண் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். அம்மா ஏழு மணிக்கு எழுப்பி, "வெளிய போய் நடந்துட்டு வா, எல்லாம் சரியாகும்" என்று அனுப்புவார். ஒரு வாரம் நடந்தார், முன்னைவிட மோசமானது. "டாக்டர், நான் சோம்பேறி இல்ல, உண்மையிலேயே முடியல" என்று அழுதார். அவர் சொன்னது உண்மை. சோம்பலுக்கு இதில் இடமே இல்லை.

வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் உடல் மிக விழிப்பாக இருக்கும் நேரம். நான்குக்குத் தூங்கிப் பழகியவர் பத்துக்குப் படுத்தால், அந்த விழிப்பு தொடங்குவதற்கும் முன்பே படுத்து, அது முடியும்வரை புரண்டுகொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுத்துப் பயனில்லை. நம்மால் பிடிக்க முடிந்தது எழும் நேரம் மட்டுமே.

அடுத்தது வெளிச்சம். இயல்பாக எழும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகக் குறைந்த நிலைக்குப் போகும். அதற்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் உடல் கடிகாரத்தை முன்னால் நகர்த்தும், அதற்கு முன்பு பட்டால் இன்னும் பின்னால் தள்ளிவிடும். பன்னிரண்டுக்கு எழுகிறவருக்கு அந்தப் புள்ளி காலை ஒன்பது, ஒன்பதரை வாக்கில் இருக்கும். நம் ஊரில் சூரியன் உதிப்பது ஏழு, ஏழரைக்குள். அம்மா அனுப்பிய ஏழரை மணி வெயிலை அந்தப் பெண்ணின் உடல் நடு இரவில் போட்ட விளக்காகவே எடுத்துக்கொண்டது!

அதனால் பதினொன்றரையில் தொடங்கினோம். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் அந்த நேரத்துக்கு எழ வேண்டும், எழுந்ததும் வீட்டுக்கு வெளியே அரை மணி நேரம், அப்புறம் ஒரு மணி நேரத்துக்குள் பசியாற வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை எழும் நேரத்தை அரை மணி முன்னால் கொண்டுவந்தோம். கணக்குப்படி எட்டு மணிக்கு வந்து சேர மூன்று வாரம். அவருக்கு ஐந்து வாரம் ஆனது, ஏனென்றால் நடுவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் மதியம்வரை தூங்கிவிட்டார், இரண்டு படி பின்னால் போய்த் திரும்ப ஏற வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நாளில் அதிகபட்சம் ஒரு மணி நேரம் தாமதித்து எழுந்துவிட்டு, மாலை மூன்றுக்கு முன் இருபது நிமிடம் கண்ணயர்ந்தால் போதும். இரவு மாமாக் கடை தே தாரிக்கையும் அந்த வாரங்களில் நிறுத்தச் சொன்னேன். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் கஃபைனில் பாதி அளவு உடம்பில் நிற்கும். தூக்கம் குறையும் இந்த வாரங்களில் மோட்டார் ஓட்டும்போது மிகவும் கவனம், கண் சொக்கினால் ஓட்டவே வேண்டாம்.

எல்லோரும் எட்டு மணிக்கு எழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. லண்டன் நமக்கு ஏழெட்டு மணி நேரம் பின்னால் இருக்கிறது, வாரம் இரண்டு நாள் பின்னிரவு இரண்டுவரை போன் கால் இருந்தால் எட்டு மணி உங்களுக்கு ஒத்துவராது. பத்து மணி என்று வையுங்கள், கால் இல்லாத நாளிலும் அதே பத்து. நேரம் எவ்வளவு மாறினாலும் தினமும் ஒரே நான்கு மணி நேரமாவது தூக்கத்தில் இருந்தால் உடல் கடிகாரம் பெருமளவு நிலைத்து நிற்கும் என்று பிரிட்டனில் மைனர்ஸும் வாட்டர்ஹவுஸும் 1980களின் தொடக்கத்திலேயே காட்டியிருக்கிறார்கள். காலை ஆறு முதல் பத்துவரை என்று நீங்கள் பிடித்துவைப்பது அந்த நான்கு மணி நேரம்தான், மீதித் தூக்கம் முன்னே பின்னே இருக்கலாம்.

தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் படுத்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் குறித்துவையுங்கள், அலாரம் இல்லாத நாளில் எழுந்த நேரத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். குறிப்பில் தூக்கம் நாளுக்கு நாள் ஒரு மணி போலத் தள்ளிக்கொண்டே போய் இரவு பகல் எல்லாவற்றையும் சுற்றி வந்தால், அல்லது குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்கிறது என்று வீட்டில் சொன்னால், அல்லது சில நாள் தூங்காமலே அளவுக்கு மீறிய உற்சாகம் வந்தால், இந்த முறையை நீங்களாகச் செய்ய வேண்டாம். அந்தக் குறிப்பையே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.