பணம் தருவதாகச் சொன்ன தேதியை மெயிலில் எழுதும் முறை

“வெள்ளிக்கிழமை போட்டுவிடுகிறேன்” என்று பார்ட்டி ஃபோனில் சொன்னதும் பலர் நிம்மதியாகி, வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பாக்கி வசூல் வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான் சொல்வது ஒன்றுதான்: அன்று மாலைக்குள் அந்தப் பேச்சு மெயிலாகப் போய்விட வேண்டும். இரண்டு நாள் தள்ளினால், “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்பதற்கு இடம் கிடைத்துவிடும்.

அண்மையில் நான் திருத்திக் கொடுத்த ஒரு மெயிலை, எண்களை மாற்றித் தருகிறேன். திருப்பூரில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறு நிறுவனத்துக்கு ஒரு பனியன் கம்பெனி ரூ. 4,86,000 பாக்கி. மூன்று தவணையில் தருவதாகக் கம்பெனி முதலாளி ஃபோனில் ஒப்புக்கொண்டார். பெட்டிக்காரர் முதலில் எழுதியது இது:

“ஐயா, ஃபோனில் பேசியபடி முடிந்தால் இந்த வாரம் கொஞ்சம், மாதக் கடைசியில் கொஞ்சம் அனுப்பி உதவுங்கள். பலமுறை சொல்லியும் நீங்கள் அனுப்பவில்லை. எங்கள் நிலைமையையும் புரிந்துகொள்ளுங்கள்.”

பணிவாக எழுதுவதாக நினைத்து, கையில் கிடைத்த வாக்கை அவரே மறுபடி வேண்டுகோளாக ஆக்கிவிட்டார். ‘முடிந்தால்’ என்ற ஒரு சொல் போதும், எதிராளிக்கு எந்தக் கட்டாயமும் இல்லாமல் போய்விடும். ‘பலமுறை சொல்லியும்’ என்ற குறை, தேதியை விட்டுப் பழைய சண்டைக்கு இழுக்கும். தொகையும் தேதியும் எங்குமே இல்லை. திருத்திய பிறகு மெயில் இப்படி இருந்தது:

“பொருள்: பில் 214, 231, 247 – ரூ. 4,86,000 – ஒப்புக்கொண்ட தேதிகள்

மதிப்பிற்குரிய ஐயா,

இன்று (10-11-2025) காலை ஃபோனில் பேச நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. மேற்கண்ட மூன்று பில்களுக்கான பாக்கி ரூ. 4,86,000 என்பதை ஏற்று, கீழ்க்கண்டவாறு செலுத்துவதாகக் கூறினீர்கள்:

14-11-2025 வெள்ளி – ரூ. 1,50,000
28-11-2025 வெள்ளி – ரூ. 1,50,000
12-12-2025 வெள்ளி – ரூ. 1,86,000

அந்தந்த நாளில் மாலை 5 மணிக்குள் தொகை எங்கள் கணக்கில் வரவாகி இருக்க வேண்டும். ஒரு தவணை தவறினாலும் மீதித் தொகை முழுவதும் உடனே செலுத்த வேண்டியதாகும். இந்த ஏற்பாட்டால் பில்களின் அசல் கெடுவோ, அவற்றின்படி எங்களுக்குள்ள உரிமைகளோ மாறாது.

இந்த விவரங்கள் சரி என்று நாளை மாலைக்குள் இதே மெயிலுக்குப் பதில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

‘வரவாகி’ என்பது வேண்டுமென்றே போட்டது. ‘அனுப்புவதாக’ என்று எழுதினால், அன்று செக்கைக் கூரியரில் போட்டுவிட்டு, வாக்கைக் காப்பாற்றியதாகச் சொல்லலாம். வங்கி விடுமுறை என்ற சாக்கும் இன்று செல்லாது, என்.இ.எஃப்.டி. 2019 டிசம்பரிலிருந்து எல்லா நாளும், நாள் முழுவதும் இயங்குகிறது. டி.டி.எஸ். பிடித்தமோ டெபிட் நோட்டோ இருந்தால் அதை ஃபோனிலேயே கேட்டு, கழித்தது போக வரும் தொகையை எழுதுங்கள். இல்லையென்றால் 14-ஆம் தேதி கணக்கில் குறைவாக வந்து நிற்கும்.

அசல் கெடு பற்றிய வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புதிய தேதிகளை மட்டும் எழுதினால், நீங்களே கெடுவை நீட்டித்துவிட்டதாக எதிராளி வாதாட வழி திறக்கும். உத்யம் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளருக்கு இது பெரிய விஷயம். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வாங்கியவர் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வீதத்தில் கூட்டுவட்டி தர வேண்டும். அந்த உரிமையை ஒரு மெயிலில் தெரியாமல் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியம் கடைசி வரி. நீங்கள் அனுப்பிய மெயில் உங்கள் தரப்புப் பதிவு மட்டுமே; கடனை ஒப்புக்கொண்டதற்குச் சான்று அவருடைய பதில்தான். பில் பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டு காலவரம்பு. அது முடிவதற்குள் கடன்பட்டவர் எழுத்தில், கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும் என்கிறது 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு. வரம்பு முடிந்த பின் வரும் பதிலுக்கு இந்தப் பிரிவில் பலன் இல்லை. மெயில் பதிலைக் கையெழுத்திட்ட எழுத்தாக ஏற்பதில் வாதம் எழலாம். எனவே பழைய பாக்கி என்றால் லெட்டர்பேடில் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். பதில் முதலாளியிடமிருந்தோ, அவர் அதிகாரம் கொடுத்தவரிடமிருந்தோ வர வேண்டும்.

மெயிலை அவருக்கும் அவருடைய அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் மட்டும் அனுப்புங்கள். அவருடைய வாடிக்கையாளர்களையோ சங்கத்துக்காரர்களையோ நகலில் சேர்ப்பது அவமானப்படுத்துவது; அதன்பின் அவர் ஃபோனையே எடுக்க மாட்டார்.

14-ஆம் தேதி பணம் வந்தால், அதே மெயில் தொடரில் யூ.டி.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, எந்தப் பில்லில் வரவு வைத்தீர்கள் என்று எழுதி, நன்றி சொல்லி, 28-ஆம் தேதியையும் நினைவூட்டுங்கள். வராவிட்டால் திங்கள்வரை காத்திருக்காமல் அன்று மாலை 5 மணிக்கு மேல் ஒரே வரி: “இன்று வர வேண்டிய ரூ. 1,50,000 வரவில்லை, நாளை காலை 11 மணிக்கு அழைக்கிறேன்.” சொன்ன நேரத்தில் அழைத்தும் விடுங்கள்.